பால் மறக்கும் முன் வயிறு வளர வேண்டும்

கொங்குப் பக்கத்துக் கட்டுத்தரைகளில் மூன்று மாதக் கன்றுகள் சிலவற்றைப் பின்னால் நின்று பார்த்தால் ஒரே மாதிரி இருக்கும். வயிறு இரண்டு பக்கமும் பிதுங்கிக் கீழே தொங்கும். முதுகெலும்பும் இடுப்பெலும்பும் தோலைத் தள்ளிக்கொண்டு நிற்கும். ரோமம் மினுமினுப்பின்றிச் சிலிர்த்திருக்கும். "வயிறு நல்லாத்தானுங்க இருக்குது, உடம்புதான் பிடிக்க மாட்டேங்குது" என்று கால்நடை மருத்துவரிடம் சொல்வார்கள். அவர் பூச்சி மருந்து கொடுப்பார். குடற்புழுவாலும் கன்றுக்கு இப்படி வயிறு தொங்கும் என்பதால் அது சரியான முதல் படிதான். ஆனால் மருந்துக்குப் பிறகும் அப்படியே நிற்கும் கன்றுகள் உண்டு. அவற்றுக்குப் பால் நின்றபோது வயிறு தயாராக இருக்கவில்லை. பாலுக்குப் பதிலாக வைக்கோலும் சோளத்தட்டும் வந்தன. வயிறு அவற்றால் நிரம்பியதே தவிர, அவற்றிலிருந்து சத்தை எடுக்கத் தெரியாமல் கிடக்கிறது.

மாட்டுக்கு நாலு வயிறு என்பது பள்ளியில் படித்ததுதான். பிறந்த கன்றுக்கும் நாலும் உண்டு, ஆனால் அளவு தலைகீழ். வளர்ந்த பசுவின் மொத்த இரைப்பையில் ஐந்தில் நாலு பங்கு பெருவயிறு. தீனி ஊறி, நுண்ணுயிர்களால் சிதைந்து, அசைபோட மேலே வரும் இடம் அது. நாலாம் வயிறு பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. பிறந்த கன்றிலோ இரைப்பையில் பாதிக்கு மேல் நாலாம் வயிறுதான். பெருவயிறு கால் பங்கு அளவில், சுருங்கிய வெறும் பையாகக் கிடக்கும். உட்சுவர் வழவழப்பாக இருக்கும். அந்த வயதில் கன்று நம்மைப் போல ஒற்றை வயிற்றுப் பிராணி என்றே சொல்லலாம்.

கன்று காம்பைச் சப்பும்போது உணவுக்குழாயின் முடிவில் உள்ள தசை மடிப்பு ஒன்று குழாய்போல மூடிக்கொள்ளும். பால் பெருவயிற்றைத் தொடாமல் நேராக நாலாம் வயிற்றுக்குப் போய்விடும். அங்கே அது உறைந்து தயிர்க்கட்டியாகி மெல்லச் செரிக்கும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் இதனாலேயே, எத்தனை லிட்டர் பால் குடித்தாலும் பெருவயிற்றுக்கு அதனால் எந்த வேலையும் இல்லை. பால் மட்டும் குடித்து வளரும் கன்று பார்க்கக் கொழுகொழுவென்று இருக்கும். ஆறு வாரத்தில் அதன் பெருவயிற்றைத் திறந்து பார்த்தால் உட்சுவர் இன்னும் வழவழப்பாகவே இருக்கும்.

அப்படியானால் பெருவயிற்றை வளர்ப்பது எது? நெடுங்காலமாக எல்லோரும் சொன்ன பதில் நார்த்தீனி. வைக்கோலின் சொரசொரப்பு உரச உரச வயிறு வளரும் என்று நம்பினார்கள். 1950களில் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் வார்னர், லூஸ்லி முதலான ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். பால் குடிக்கும் கன்றுகளின் பெருவயிற்றுக்குள் செரிக்காத பிளாஸ்டிக் பொருட்களைப் போட்டுவைத்தார்கள். உரசலுக்குக் குறைவில்லை. வயிறு கொஞ்சம் விரிந்தது, ஆனால் சத்தை உறிஞ்சும் முளைகள் உட்சுவரில் வளரவில்லை. பிறகு, தீனி புளிக்கும்போது உண்டாகும் அமிலங்களின் உப்புகளை நேராகப் பெருவயிற்றுக்குள் செலுத்தினார்கள். முளைகள் வளர்ந்தன. பியூட்ரிக் அமிலத்தின் உப்பும், அதற்கு அடுத்தபடி புரோப்பியானிக் அமிலத்தின் உப்பும் இதைச் செய்தன என்று 1959இல் எழுதினார்கள்.

தானியத்துக்கு உள்ள இடம் இதிலிருந்துதான் வருகிறது. தோசை மாவு புளிப்பது போலப் பெருவயிற்றுக்குள்ளும் ஒரு புளிப்பு நடக்கிறது. மக்காச்சோளத்தின் மாவுச்சத்து புளித்தால் முளைகளை வளர்க்கும் அந்த இரண்டு அமிலங்களும் நிறையக் கிடைக்கும். வைக்கோல் புளித்தால் பெரும்பாலும் அசெட்டிக் அமிலம் வரும். அதற்கு முளைகளைத் தூண்டும் திறன் குறைவு. நார்த்தீனி வயிற்றின் கொள்ளளவையும் தசையையும் வளர்க்கும். முளைகளை வளர்ப்பது தானியம். முளை இல்லாத பெரிய வயிறுதான் நாம் முதலில் பார்த்த தொங்கு வயிறு.

கன்றுகளுக்கென்றே உள்ள அடர்தீவனத்தைக் கடைகளில் 'கன்றுத் தீவனம்' என்றோ 'காஃப் ஸ்டார்ட்டர்' என்றோ கேட்டால் தருவார்கள். புரதம் 20 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்கிறதா என்று மூட்டையில் பார்க்க வேண்டும். வீட்டில் கலப்பதென்றால் 100 கிலோவுக்கு உடைத்த மக்காச்சோளம் 50, கடலைப் புண்ணாக்கு 30, கோதுமைத் தவிடு 17, தாது உப்புக் கலவை 2, சாதா உப்பு 1 என்ற கணக்கு ஏறக்குறைய அந்தப் புரதத்தைத் தரும். மக்காச்சோளத்தைக் குருணையாக உடைக்க வேண்டும், மாவாக அரைக்கக் கூடாது. தூசியாகப் பறக்கும் தீவனம் கன்றின் மூக்கில் ஏறும், நாக்கில் பசையாக ஒட்டும். இரண்டு நாள் முகர்ந்துவிட்டு மூன்றாம் நாள் திரும்பிக்கொள்ளும். கடலைப் புண்ணாக்கில் பூஞ்சை வாடையோ பச்சை நிறமோ தெரிந்தால் கன்றுக்கு வேண்டாம். பூஞ்சை நஞ்சு பெரிய மாட்டைவிடச் சின்னக் கன்றைச் சீக்கிரம் தாக்கும்.

பசுவுக்கு வைக்கும் தீவனத்தில் ஒரு பிடியைக் கன்றுக்கும் போடுவது பலர் வழக்கம். இதில் எனக்கு உடன்பாடில்லை. மாட்டுத் தீவனங்கள் சிலவற்றில் யூரியா கலந்திருக்கும். அதைப் புரதமாக மாற்ற வேண்டிய நுண்ணுயிர்க் கூட்டம் கன்றின் வயிற்றில் இன்னும் உருவாகவில்லை. பருத்திக்கொட்டையில் காசிபால் என்ற நஞ்சு உண்டு. பசுவின் பெருவயிறு அதைப் பெரும்பாலும் முறித்துவிடும், கன்றின் வயிற்றுக்கு அந்த வலு கிடையாது.

இனி தண்ணீர். எழுதும்போதே சலிப்பு வருகிற அளவுக்கு இது கவனிக்கப்படாத விஷயம். "பால்தான் குடிக்குதே, அதுக்கெதுக்குத் தண்ணி?" என்பார்கள். பால் நாலாம் வயிற்றுக்குப் போய்விடுகிறது என்று பார்த்தோம். தீவனம் விழுவது பெருவயிற்றில். நுண்ணுயிர்கள் வாழவும் தீவனம் புளிக்கவும் அங்கே ஈரம் வேண்டும். கன்று வாளியில் தானாகக் குடிக்கும் தண்ணீரின் பெரும்பகுதி பெருவயிற்றுக்குத்தான் போகும். பாலில் எவ்வளவு நீர் இருந்தாலும் அது அங்கே போவதில்லை. 1984இல் அமெரிக்காவில் கெர்ட்ஸ் என்பவரும் அவர் கூட்டாளிகளும் வெளியிட்ட ஆய்வு இதை அளந்து காட்டியது. முதல் நாலு வாரம் பாலோடு தண்ணீரும் பெற்ற கன்றுகளை, தண்ணீர் பெறாத கன்றுகளோடு ஒப்பிட்டார்கள். தண்ணீர் இல்லாதவை 31 சதவீதம் குறைவாகத் தீவனம் தின்றன, எடை கூடியதும் 38 சதவீதம் குறைந்தது.

பிறந்த நாலாம் நாளிலிருந்தே கன்றுக்கு எட்டும் உயரத்தில் சுத்தமான தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும். தின்னும் ஒவ்வொரு கிலோ தீவனத்துக்கும் ஏறக்குறைய 4 லிட்டர் குடிக்கும். சித்திரை வெயிலில் இன்னும் கூடும். தண்ணீர் வாளியைத் தீவனத் தட்டிலிருந்து மூன்று நாலு அடி தள்ளி வைப்பது நல்லது. பக்கத்தில் வைத்தால் வாயில் ஒட்டிய தீவனம் தண்ணீரில் விழுந்து புளிக்கும், தண்ணீர் தட்டில் சொட்டித் தீவனம் பூசணம் பிடிக்கும். கழனித் தண்ணீர் இதற்கு ஈடாகாது. பால் கொடுத்த கையோடு தண்ணீரைக் காட்டாமல் அரை மணி நேரம் கழித்து வைக்கலாம். ஒன்றை மட்டும் செய்யக் கூடாது. பகலெல்லாம் தண்ணீர் காட்டாமல் வைத்திருந்து, சாயங்காலம் ஒரு வாளியை மொத்தமாக நீட்டுவது. தாகத்தில் ஒரே மூச்சில் குடித்துவிட்டால் இரத்த அணுக்கள் உடைந்து சிறுநீர் சிவப்பாகப் போகும். சில கன்றுகள் அதிலேயே விழுந்துவிடும்.

ஒரு கன்றை வைத்தே மற்றதைப் பார்த்துவிடலாம். பிறக்கும்போது 24 கிலோ எடையுள்ள ஜெர்சி கலப்புக் கிடேரிக் கன்று என்று வைத்துக்கொள்வோம். முதல் மூன்று நாள் சீம்பால். பிறகு உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு என்ற வழக்கமான கணக்கில் நாளைக்கு இரண்டரை லிட்டர் பால், இரண்டு வேளையாக. நாலாம் வாரத்துக்குள் அதை 3 லிட்டராக்கலாம். இதைவிட அதிகம் கொடுத்தால் கன்று வேகமாக வளரும், மறுப்பதற்கில்லை. ஆனால் பசி அடங்கிய கன்று தீவனத்தட்டுப் பக்கம் தலையைத் திருப்பாது. அப்படி வளர்த்தால் பால் நிறுத்துவதைத் தள்ளிப்போட வேண்டும், குறைப்பதையும் நீட்ட வேண்டும்.

நம் ஊரில் பெரும்பாலும் கன்று வாளியில் குடிப்பதில்லை, ஊட்டுகிறது. கன்று முட்டினால்தான் பசு பாலை விடுகிறது. அப்படியிருக்க இரண்டரை லிட்டரை எப்படி அளப்பது? மூட்டை எடை போடும் தராசில் ஊட்டுவதற்கு முன் ஒரு தடவையும் ஊட்டி முடித்ததும் ஒரு தடவையும் கன்றை நிறுத்தினால் வித்தியாசம் ஏறக்குறைய குடித்த பாலின் லிட்டர். இடையில் சாணியோ மூத்திரமோ போனால் கணக்குத் தப்பும். வாரம் ஒரு நாள் இப்படிப் பார்த்தால் போதும். 'ஒரு காம்பு விட்டிருக்கிறோம்' என்பது சில பசுக்களில் தாராளமாகவும் சிலவற்றில் அரை லிட்டராகவும் இருப்பது அப்போது தெரியவரும்.

தீவனம் ஒரு வார வயதில் தொடங்கும். பால் குடித்து முடித்ததும் வாயில் இன்னும் சப்பும் ஆசை இருக்கும். அந்த நேரம் ஒரு சிட்டிகையை நாக்கில் தடவி, தட்டில் ஒரு பிடி வைத்தால் போதும். அடுத்த நாள் மிச்சத்தைப் பசுவுக்குப் போட்டுவிட்டுப் புதிதாக வைக்க வேண்டும். பழசின் மேலேயே புதுசைக் கொட்டினால் அடியில் இருப்பது ஊசிப்போய் முழுத் தட்டையும் கன்று வெறுத்துவிடும். முதல் இரண்டு வாரம் அது தின்பது கணக்கில் வராது. நம் கன்று மூன்றாம் வாரம் 100 கிராமைத் தொட்டது என்று வைப்போம். அந்த நாளைக் காலண்டரில் குறித்துவைக்க வேண்டும், ஏனென்றால் பெருவயிற்றின் வளர்ச்சி பிறந்த நாளிலிருந்து ஓடுவதில்லை. ஓரளவு தீவனம் உள்ளே போகத் தொடங்கிய நாளிலிருந்துதான் ஓடுகிறது. அதன்பின் குறைந்தது மூன்று வாரமாவது ஆகும். தீவனம் பிந்தினால் வயிறும் பிந்தும். பிந்திய கன்றுக்கு எட்டு வாரம் முடிந்தது என்று பாலை நிறுத்தினால் அது பட்டினி.

ஐந்தாம் வாரம் 300 கிராம், ஏழாம் வாரம் 500 முதல் 600 கிராம். கண்ணளவு வேண்டாம். ஒரு டம்ளர் தீவனம் எத்தனை கிராம் என்று மளிகைக்கடைத் தராசில் ஒரு தடவை பார்த்து வைத்துக்கொண்டால் பிறகு டம்ளரே கணக்குச் சொல்லும். இந்தக் காலத்தில் கன்று படுத்திருக்கும்போது தாடை அசைவதைப் பார்க்கலாம். அசைபோடத் தொடங்கியிருக்கிறது. நார்த்தீனியை அறவே விலக்க வேண்டியதில்லை. நல்ல காய்ந்த கொழுக்கட்டைப் புல்லோ வேலிமசாலோ பொடியாக நறுக்கி ஒரு சிறு பிடி கொடுப்பது அசைபோடப் பழக்கும், வயிற்றில் அமிலம் மிஞ்சாமலும் பார்த்துக்கொள்ளும். வைக்கோலையும் இளம் பச்சைப் புல்லையும் இஷ்டத்துக்குப் போடுவதுதான் கெடுதல். முதலாவதில் செரிக்கும் சத்து குறைவு, இரண்டாவதில் பெரும்பங்கு தண்ணீர். சின்ன வயிற்றில் இரண்டும் தீவனத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

ஏழாம் வாரத்தில் நம் கன்றின் எடை 42 கிலோ அளவில் இருக்கும். இப்போது சாயங்காலப் பாலை நிறுத்துகிறோம். 3 லிட்டர் ஒன்றரையாகிறது. இரண்டு நாள் கத்தும். மூன்றாம் நாள் தட்டு வேகமாகக் காலியாகத் தொடங்கும். பாலைக் குறைப்பதே தீவனத்தைக் கூட்டும் வழி. ஒரு வாரம் பத்து நாள் இப்படி ஓடியபின் தினமும் 800, 900 கிராம் என்று ஏறி, தொடர்ந்து மூன்று நாள் ஒரு கிலோ தின்றால் காலைப் பாலையும் நிறுத்தலாம். மூன்று நாள் என்பது முக்கியம். ஒரு நாள் அதிகம் தின்றுவிட்டு அடுத்த நாள் சுணங்கும் கன்றுக்கு வயிறு இன்னும் நிலைப்படவில்லை.

ஏன் ஒரு கிலோ? 46 கிலோ எடையுள்ள கன்று வளராமல் உடம்பைக் காத்துக்கொள்ள மட்டுமே ஏறக்குறைய 700 கிராம் தீவனத்தின் ஆற்றல் செலவாகிறது. மூச்சு, உடற்சூடு, நடமாட்டம் எல்லாம் அதற்குள்தான். அதற்கு மேல் தின்பதுதான் சதையாகவும் எலும்பாகவும் ஆகும். அரைக் கிலோ தின்னும் கன்றிடமிருந்து பாலைப் பிடுங்கினால் அது தன் உடம்பிலிருந்தே கடன் வாங்கும். ஒரு கிலோ நல்ல தீவனம் ஏறக்குறைய நாலு லிட்டர் பாலுக்குச் சமமான ஆற்றல் தரும் என்பதால், இரண்டின் விலையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவர் தீவனத்தில் மிச்சம் பிடிக்கமாட்டார். பிறக்கும்போதே சிறுத்து, 20 கிலோவுக்குக் கீழ் பிறந்த கன்றுக்கு முக்கால் கிலோ போதும், ஆனால் அதன் வாரக் கணக்கு பின்னால் தள்ளிப்போகும்.

காலைப் பாலை நிறுத்தும் வாரத்தில் வேறு எதையும் செய்யாதிருப்பது நல்லது. கொம்பு சுடுவது, தடுப்பூசி, இடம் மாற்றிக் கட்டுவது, தீவனக் கம்பெனியை மாற்றுவது இவற்றை அதற்கு முன்னோ இரண்டு வாரம் கழித்தோ வைத்துக்கொள்ளலாம். கன்று முட்டாமல் பால் விடாத பசுவாக இருந்தால் கன்றைப் பசுவின் முகத்துக்கு நேரே கட்டி நக்கவிட்டுக் கறந்து பார்க்கலாம். பல பசுக்கள் ஒரு வாரத்தில் பழகிவிடும், சில பிடிவாதமாக மறுக்கும். மேய்ச்சலுக்குக் கன்று தாயோடு போகுமானால் வாய்க்கூடை கட்டுவதைத் தவிர வழியில்லை. அந்தக் கூடை தொழுவத்துக்குத் திரும்பியதும் கழன்றாக வேண்டும், இல்லையென்றால் தீவனமும் தண்ணீரும் கூடைக்கு வெளியே நிற்கும்.

தவறு நடந்தால் தெரிந்துகொள்ள இரண்டு இடம் பார்க்கலாம். ஒன்று சாணி. பால் குடிக்கும் வயதிலேயே சாணி களிமண் போலச் சாம்பல் நிறமாக, நாற்றத்தோடு போய், கன்று மந்தமாக இருந்தால் பால் வழி தவறிப் பெருவயிற்றில் விழுந்து புளித்துக்கொண்டிருக்கலாம். வாயைப் பிளந்து புட்டியால் ஊற்றுகிற கன்றுகளிலும், சப்பாமல் அவசரமாக வாளியை இழுக்கிற கன்றுகளிலும் இது வரும். வயிற்றின் இடப்பக்கத்தைக் கையால் குலுக்கினால் தண்ணீர் அலம்பும் சத்தம் கேட்கும். சப்பிக் குடிக்கும்படி காம்புள்ள புட்டிக்கோ தாய் மடிக்கோ மாற்றி, மருத்துவரைக் கூப்பிட வேண்டும்.

இன்னொன்று இடப்பக்கப் பள்ளம், அதாவது விலா முடிந்து இடுப்பெலும்பு தொடங்கும் இடம். தீவனம் தின்ற சில மணி நேரத்தில் அது மேலெழும்பி, தட்டினால் முரசுபோல ஒலித்தால் வயிறு உப்புசம். பால் நிறுத்திய புதிதில் பசியோடு ஒரே தடவையில் தீவனத்தை வாரிக்கொண்ட கன்றுகளில் இதைக் காணலாம். மொத்தத்தையும் ஒரே வேளையில் வைக்காமல் மூன்று வேளையாகப் பிரிப்பதும், காய்ந்த புல்லைக் கொஞ்சம் கூட்டுவதும் பெரும்பாலும் போதும். திரும்பத் திரும்ப வந்தால், அல்லது கன்று மூச்சுக்குத் திணறினால் வீட்டு வைத்தியத்தில் நேரத்தைப் போக்கக் கூடாது.

பால் நின்ற பிறகு இரண்டு வாரம் அதே கன்றுத் தீவனம் தொடரும். கன்று கேட்கக் கேட்கக் கூட்டிக்கொண்டே போகலாம். மார்பைச் சுற்றி அளவுநாடாவால் வாரம் ஒரு தடவை அளந்து எழுதிவைத்தால், ஒரு வாரம் அளவு கூடாமல் நின்றதுமே தெரிந்துவிடும். அப்படி நின்று, தீவனமும் 700 கிராமுக்குக் கீழே இறங்கியிருந்தால் காலையில் ஒரு லிட்டர் பாலை மறுபடி தொடங்கி ஒரு வாரம் கழித்து மீண்டும் முயல வேண்டும். மூன்று மாதத்தில் ஒன்றேகால், ஒன்றரைக் கிலோ தீவனத்துக்கு வந்த கன்றுக்குப் புல்லை இனி தாராளமாகப் போடலாம். வளரும் கிடேரிகளுக்கான தீவனத்தை அதன்பின் பழைய தீவனத்தோடு கலந்து, ஒரு வாரத்தில் மெல்ல மாற்றிவிடலாம்.